பதவி விலகிய இயக்குநர்: காசோலையும் வரியும்

தனியார் நிறுவனம் ஒன்றின் இயக்குநர் 2019 செப்டம்பரில் விலகுகிறார். 2020 ஜனவரியில் மற்றொருவர் கையெழுத்திட்ட நிறுவனக் காசோலை பணமின்றித் திரும்புகிறது. 2019-20ஆம் நிதியாண்டின் வருமான வரியும் நிலுவையில் நிற்கிறது.

காசோலை வழக்கு குற்ற வழக்கு; ஈராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆயினும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்தபோது நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் அவர் இருந்தார் என்று புகார்தாரரே புகாரில் கூறி மெய்ப்பிக்க வேண்டுமாதலால், முன்பே விலகியவர் பொதுவாகத் தப்புகிறார்.

வரியில் நிலைமை கடுமையானது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு, அந்த ஆண்டில் சில மாதங்களே இயக்குநராக இருந்தவரையும் பிடிக்கிறது. நிறுவனத்திடமிருந்து வசூலிக்க இயலாதபோது, அதற்குத் தம் பெருங்கவனக்குறைவோ முறைகேடோ கடமை மீறலோ காரணமல்ல என்று அவரே நிறுவ வேண்டும். விலகல் கடிதம் மட்டும் இங்கே போதாது. கூட்டக் குறிப்புகளில் பதிவான அவரது எதிர்ப்பே உண்மையில் துணைநிற்கும்.