"இத கொஞ்சம் சரி பண்ணி அனுப்புங்க" மெயில்களோட குப்பை கொட்டுன அனுபவம்

வருஷக்கணக்கா எக்செல் ஷீட் கிளீன் பண்ற வேலைதான் பாக்குறேன். வர்ற மெயில்ல பாதிக்கு மேல ஒரே வரிதான், கூட ஒரு அட்டாச்மென்ட். சரி பண்ணுன்னா எதை? தேதியையா, ரிப்பீட் ஆன பேரையா, இல்ல கலர் கட்டத்தையா? உடனே திருப்பி கேக்குறதா, நாமளே ஒண்ண முடிவு பண்ணிட்டு செய்யறதான்னு ஒவ்வொரு தடவையும் இழுபறி. ரொம்ப நாளா நான் ஃபாலோ பண்ற முறை ஒண்ணு இருக்கு, அது எங்க உதவுச்சு எங்க கால வாருச்சுன்னு சொல்றேன்.

கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி ஃபைல நல்லா தோண்டி பாத்துடுவேன். முக்கால்வாசி பதில் அதுக்குள்ளயே கிடக்கும். வரிசை நம்பர் நீல கலர்ல தெரிஞ்சா ஃபில்டர் போட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அப்போ அவங்க கண்ணுக்கு தெரியற வரிசைய மட்டும்தான் சொல்றாங்களான்னு ஒரு சந்தேகம் வரணும். செல் கமென்ட், மறைச்சு வச்ச ஷீட், பழைய மெயில் எல்லாத்தையும் ஒரு கண்ணு பாத்துக்கணும்.

ஒரு உதாரணம். மெம்பர் லிஸ்ட் ஒண்ணு வருது, சேர்ந்த தேதி காலம்ல பாதி இடது பக்கம் ஒட்டியிருக்கு, பாதி வலது பக்கம். பாத்தவுடனே இடது பக்கம் இருக்கறதுதான் கெட்டுப்போனதுன்னு தோணும். ஆனா கதையே வேற. நாள் முதல்ல மாசம் அடுத்துன்னு எழுதுன ஒரு சிஎஸ்வி ஃபைல, மாசம் முதல்ல வர்ற அமெரிக்க செட்டிங் இருக்கற கம்ப்யூட்டர்ல திறந்திருப்பாங்க. 25/04/2023ங்கறத எக்செல்லால தேதியா எடுத்துக்க முடியாது, 25வது மாசம் கிடையாதே, அதனால டெக்ஸ்டாவே விட்டுடும். 03/04/2023ங்கறத மட்டும் சந்தோஷமா மார்ச் 4னு மாத்திடும், உண்மையில அது ஏப்ரல் 3. ஆக அழகா வலது பக்கம் நிக்கிறதுதான் தப்பு, கோணலா தெரியறது சரி!

இத யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. நிஜமான தேதியா இருக்கற வரிசைகள்ல நாள் எங்கயுமே 12ஐ தாண்டலன்னா, டெக்ஸ்டா கிடக்கறது எல்லாம் 12க்கு மேல ஆரம்பிச்சா, விஷயம் அதேதான். பக்கத்து காலம்ல இப்படி போட்டா நிஜ தேதி மட்டும் நாளும் மாசமும் இடம் மாறிடும்:

```
=IF(ISNUMBER(C2),DATE(YEAR(C2),DAY(C2),MONTH(C2)),C2)
```

டெக்ஸ்டா இருக்கறத தனியா தேதியா மாத்திக்கணும். ஆனா பாதி லிஸ்ட்ட யாரோ அப்புறமா கையால டைப் பண்ணியிருந்தா, நாள் 12ஐ தாண்டுன நிஜ தேதிகளும் நடுவுல எட்டிப்பாக்கும். அப்போ இந்த ஃபார்முலா நல்லதையும் சேத்து கெடுத்துடும், எந்த வரிசை எப்படி வந்துச்சுன்னு கேட்டே ஆகணும்.

அதே ஷீட்ல ஒரே போன் நம்பர்ல ரெண்டு பேர் இருந்தாங்க. ஒரே குடும்பமா, இல்ல ஒரே ஆளோட பேர ரெண்டு விதமா எழுதிட்டாங்களா? இதுக்கு ஃபைல்ல எவ்வளவு தேடியும் பதில் இல்ல, அழிச்சுட்டா அவங்ககிட்ட ஒரு மெம்பர் காணாம போயிடுவாரு. ஆனா அதுக்காக வேலைய நிறுத்தி வைக்கறதும் இல்ல. எதையும் அழிக்காம, பக்கத்துல புதுசா ஒரு காலம் போட்டு "ஒரே நம்பர்"னு எழுதி, முழு வேலையையும் காப்பி ஃபைல்ல முடிச்சு அனுப்பிட்டு மெயில்ல இவ்வளவுதான்: "சார், ஒரே போன் நம்பர்ல வர்ற பேர்கள அழிக்கல, குறிச்சு மட்டும் வச்சிருக்கேன். அழிக்கணும்னா எத வச்சுக்கறதுன்னு சொல்லுங்க." பதில் வரலன்னாலும் ஷீட் பயன்படும்.

கேள்வி ஒண்ணோட நிறுத்திக்கறது முக்கியம், வரிசையா நாலஞ்சு கேட்டா மொபைல்ல படிக்கறவங்க முதல் கேள்விக்கு மட்டும் "ஆமா"ன்னு போட்டு விட்டுடறாங்க. எந்த கேள்விக்கு ஆமான்னு நாம மண்டைய பிச்சுக்கணும்.

மைனஸும் இருக்கு. இப்படி குறிச்சு அனுப்புறதுல மெயில படிக்காம ஷீட்ட மட்டும் எடுத்துட்டு போறவங்க இருக்காங்க, அதனால இப்பல்லாம் குறிப்ப ஷீட்டோட முதல் பக்கத்துலயே போட்டுடறேன். சிலர் கேள்வி வந்தாலே "இவருக்கு வேலை தெரியாதோ"ன்னு நினைக்கறாங்க, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

இந்த முறை சுத்தமா வேலைக்கு ஆகாத இடம் நீளமான நம்பர். எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் ஞாபகம் வச்சுக்கும், 16 இலக்க நம்பர நம்பராவே டைப் பண்ணா கடைசி இலக்கம் பூஜ்யமாயிடும். அந்த காலம்ல எல்லாமே 0ல முடியுதுன்னா ஊகிக்க ஒண்ணுமே மிச்சம் இல்ல, குறிச்சு வச்சும் பிரயோஜனம் இல்ல. அப்போ மட்டும் வேலையத் தொடாம ஒரே கேள்விதான் அனுப்புவேன்: "மேடம், இந்த நம்பரெல்லாம் எந்த சிஸ்டத்துல இருந்து எடுத்தீங்களோ, அந்த ஒரிஜினல் ஃபைல எக்செல்ல திறக்காம அப்படியே அனுப்ப முடியுமா?"