ஈபி இருக்கும்போதே ஏறும் ஜெனரேட்டர் யூனிட்: ப்ரீபெய்டு மீட்டர் வைத்திருப்பவர்கள் பார்க்கவும்

ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்த மீட்டர் தெரிந்திருக்கும். ஒரே மீட்டர், ஒரே ரீசார்ஜ் பணம். ஈபி யூனிட்டுக்கு ஒரு விலை, ஜெனரேட்டர் யூனிட்டுக்கு வேறு விலை. எங்கள் குடியிருப்பில் ஈபி 8.50 ரூபாய், ஜெனரேட்டர் 24 ரூபாய்.

ரீசார்ஜ் சீக்கிரம் தீர்கிறதே என்று பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டேன். "ஏசி அதிகமா ஓடியிருக்கும் சார்" என்று முடித்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் ஏசிதான் இவர்களுக்கு. சரி என்று நானே கணக்குப் போட்டேன்.

மாதத் தொடக்கத்தில் இருப்பு 640. ரீசார்ஜ் செய்தது 5,000. கடைசியில் மிச்சம் 390. ஆக, பிடித்தது 5,250 ரூபாய். மீட்டர் திரையில் ஈபி, ஜெனரேட்டர் ரீடிங் இரண்டும் மாறி மாறி வரும். மாதத் தொடக்க ரீடிங் செயலியில் இருந்தது. கழித்துப் பார்த்தால் ஈபி 210 யூனிட், அதாவது 1,785 ரூபாய். தினசரி நிலைக்கட்டணம் மொத்தம் 585. மீதி 2,880 ரூபாயும் ஜெனரேட்டர் கணக்கில், 120 யூனிட்!

கூட்டல் சரியாகத்தான் வருகிறது, அதனால் ரசீதை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. ஜெனரேட்டர் அறை லாக் புக்கைக் கேட்டு வாங்கினேன். அந்த மாதம் முழுக்க ஓடியது 9 மணி நேரம். ஜெனரேட்டரில் ஒரு வீட்டுக்கு 1 கிலோவாட்தான் அனுமதி, தாண்டினால் மீட்டரே துண்டித்துவிடும். அப்படியென்றால் அதிகபட்சம் 9 யூனிட். மிச்சம் 111 யூனிட்டும் ஈபி மின்சாரம், யூனிட்டுக்கு 15.50 கூடுதலாகப் பிடித்ததில் 1,720.50 ரூபாய் போயிருக்கிறது.

காரணம், மின்சாரம் ஈபியா ஜெனரேட்டரா என்று மீட்டருக்குச் சொல்லும் ரிலே. எங்கள் தளத்தின் பேனலில் அது ஜெனரேட்டர் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தது. ஈபி வந்த பிறகும் மீட்டர் 24 ரூபாய்க்கே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. ஈபி இருக்கும்போதும் அந்த 1 கிலோவாட் வரம்பே இருந்ததால்தான் கீசர் போட்டாலே மின்சாரம் போயிருக்கிறது. எலக்ட்ரீஷியன் கீசரைக் குறை சொல்லி காயிலை மாற்றிக் காசு வாங்கிப் போனது தனிக் கதை.

ஈபி இருக்கும்போது ஜெனரேட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். வழக்கம்போல எல்லாம் ஓடட்டும். சில மணி நேரம் கழித்து, இடையில் மின்வெட்டு இல்லாவிட்டால், அந்த எண் அசையவே கூடாது. அசைந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், லாக் புக் பக்கத்தின் படத்தோடு.

ரிலேயை மாற்றிவிட்டு அந்த ஒரு மாதப் பணத்தை மட்டும் வரவு வைத்தார்கள். முந்தைய மாதங்களுக்கு லாக் புக் இல்லையாம். அந்த ரிலே எங்கள் தளத்து நான்கு வீடுகளுக்கும் பொது. மற்ற மூன்று வீட்டிலும் இதே கதைதான், ஆனால் கேட்காதவர்களுக்கு ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை.