கருகல் வாடை வந்தும் "ஓட்டுங்கக்கா" என்றார் கடைக்காரர்

சுங்கை சிப்புட் பக்கம் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை.

எஸ்.பி.எம். எழுதப் போகும் மகளின் கம்ப்யூட்டரில் பின்பக்கம் கரகரவென்று அரைக்கிற சத்தம். கடைக்குத் தூக்கிப் போனேன். "பவர் சப்ளை ஃபேன் மாத்தியாச்சுக்கா" என்று 85 வெள்ளிக்கு பில் கொடுத்தார். சத்தமும் நின்றது.

பதினோராம் நாள் பெட்டியின் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை, அதோடு லேசான மீன் கவிச்சி. போன் செய்தேன். "புது ஃபேன்கா, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். ஓட்டுங்க, சனிக்கிழமை கொண்டு வாங்க." நம்பினேன். மறுநாள் மாலை பட்டென்று வெடித்துப் புகை வந்தது, வீட்டு மின்சாரமே விழுந்துவிட்டது. மதர்போர்டும் போய்விட்டது. மகள் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஈப்போவில் வேறொரு டெக்னீஷியன் பவர் சப்ளையைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் காட்டினார். திருகின் மேல் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் கிழியவே இல்லை. பவர் சப்ளையைத் திறக்காமல் அதன் ஃபேனை எப்படி மாற்ற முடியும்? ஃபேன் இறக்கைகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. கம்பி வலை வழியாக எண்ணெய் ஸ்பிரே அடித்திருக்கிறார், அவ்வளவுதான். பேரிங் காய்ந்து அரைக்கும் ஃபேன் அப்படி அடித்தால் சில நாள் அடங்கும். எண்ணெய் ஆவியானதும் தூசி இறுகி ஃபேன் நின்றுவிடும். காற்றில்லாமல் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் வெந்துபோகும். சூடு ஏறினால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு எல்லா மலிவு பவர் சப்ளையிலும் இருக்காது.

அரைக்கும் சத்தம் மட்டும் இருந்து வாடை இல்லையென்றால், பின்வலைக்கு முன்னால் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது ஆடினால் வேலையைச் சேமித்து முறையாக அணைக்க நேரம் இருக்கிறது. அப்புறம் ஃபேனையோ பவர் சப்ளையையோ மாற்றும்வரை போடாதீர்கள். ஆடாவிட்டால், அதுவும் பெட்டி சூடாக இருந்தால், உடனே நிறுத்துங்கள்.

வாடை வந்துவிட்டால் கதையே வேறு. திரையில் 'Shut down' தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சேமிக்காத பாடம் போனால் போகட்டும். சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக்கே உருகியிருந்தால் அதைத் தொடாமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள். வாடை போய்விட்டதே என்று மறுபடி போட்டுப் பார்க்கவும் கூடாது. என் வீட்டில் முதல் நாள் அணைத்ததும் வாடை போகத்தான் செய்தது. நீங்களாகத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஃபேன் மாற்றியதாக யாராவது பில் கொடுத்தால், அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள், பழைய ஃபேனையும் கேட்டு வாங்குங்கள். நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், மனுவுக்கு 5 வெள்ளிதான். பில்லும் அந்தப் பவர் சப்ளையும், ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே, அலமாரியில் இருக்கின்றன.