பூஜை அலமாரியும் பறக்கும் வலது கையும்: என் வி.ஆர். ஹெட்செட் அனுபவம்

தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் வி.ஆர். ஹெட்செட் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். ஒரு வரியில் சொல்ல முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். எந்த கம்பெனி என்பது வேண்டாம். தனியாகவும் ஓடும், யூஎஸ்பி கேபிளைச் செருகினால் பிசி விளையாட்டுகளும் ஓடும், கேமராக்கள் ஹெட்செட்டின் முகப்பிலேயே இருக்கும், சுவரில் எதையும் அடித்து மாட்ட வேண்டியதில்லை. அந்த வகை. திரை, எடை, பேட்டரி பற்றியெல்லாம் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு புகார்தான்: பொழுது சாய்ந்தால் என் வலது கை பறந்து போய்விடும்.

நிஜமாகவே பறக்கும். விளையாட்டுக்குள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பேன், கை மெதுவாக நழுவி முழங்கால் பக்கம் இறங்கும், இல்லையென்றால் கூரையைப் பார்த்துக் கிளம்பிவிடும். அசைத்தால் திரும்பி வரும், பிறகு மறுபடியும் போகும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் பிசியைத்தான் நோண்டுவார்கள். அதற்கு முன்னால் கோளாறு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட வேண்டும். பிசியிலிருந்து படம் வருவதில் தடங்கல் என்றால் படம் கட்டம் கட்டமாக உடையும், தலையைச் சட்டென்று திருப்பினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும், சத்தமும் விட்டு விட்டு வரும். கையும் தலையும் எங்கே இருக்கின்றன என்று ஹெட்செட் கண்டுபிடிக்கும் டிராக்கிங் போனால் அப்படி இல்லை, படம் சுத்தமாக இருக்கும், சத்தமும் சரியாக இருக்கும், கை மட்டும் அல்லது மொத்த உலகமும் இடம் மாறும். சந்தேகம் இருந்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஹெட்செட்டின் சொந்த முகப்புத் திரையில் கையை ஆட்டிப் பாருங்கள். அங்கேயும் பறந்தால் பிசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரியை வீணடிக்க வேண்டாம்.

என் வீட்டில் இரண்டு கோளாறும் இருந்தன. பிசி பக்கக் கோளாறு, திடீரென்று இணைப்பு அறுந்து இரண்டொரு விநாடியில் திரும்ப வருவது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் யூஎஸ்பியைத் தூங்க வைப்பதால் வந்தது அது. Device Manager திறந்து, ஒவ்வொரு USB Root Hub-இலும் Power Management பகுதிக்குப் போய், Allow the computer to turn off this device to save power என்பதில் உள்ள டிக்கை எடுத்தேன். கேபிளையும் கேபினட்டின் முன்பக்கத் துளையிலிருந்து எடுத்து, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி 3 துளையில் செருகினேன். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

கை விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலருக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடிகள் இருக்கின்றன. ஹெட்செட் கேமராக்களுக்கு அவை புள்ளிகளாகத் தெரியும், அந்தப் புள்ளிகளின் அமைப்பை வைத்துத்தான் கை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. கேமரா பார்வையிலிருந்து கை மறைந்தால் உள்ளே இருக்கும் அசைவு உணரிகளை மட்டும் நம்பி ஊகிக்கும். அந்த ஊகத்தில் பிழை மளமளவென்று ஏறும். அதனால் வில்லை இழுத்துக் காதுப் பக்கம் கையைப் பிடித்தாலோ முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாலோ கை தடுமாறுவது இந்த வகைக்கு இயல்பு, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்தது அதுவல்ல. கை முகத்துக்கு நேராக, கேமராவுக்குப் பளிச்சென்று தெரியும் இடத்தில் இருக்கும்போதே பறந்தது.

பேட்டரி புதிது போட்டேன், மாற்றமில்லை. கேமராக்களைத் துடைத்தேன், அதே கதை. காலையில் ஒரு பிரச்சினையும் கிடையாது. மாலையிலும் ஜன்னலைப் பார்த்து நின்றால் கை ஒழுங்காக இருக்கும், எதிர்ச் சுவர் பக்கம் திரும்பினால்தான் கிளம்பும். திசையைப் பொறுத்து வருகிறது என்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்க வேண்டுமல்லவா? அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தம்பியை ஒவ்வொரு விளக்காக அணைக்கச் சொன்னேன். டியூப்லைட் போனது, அப்போதும் கை பறந்தது. பூஜை அலமாரியில் சாமி படங்களைச் சுற்றியிருக்கும் சீரியல் லைட் போனது, கை ஆணியடித்தாற்போல் நின்றது. வரிசையாகச் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள், கேமராவுக்கு அதுவும் கன்ட்ரோலரும் ஒன்றுதான். போதாததற்குப் பக்கத்தில் பீரோ கண்ணாடி, அது எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக் காட்டியது.

“சாமி லைட்டை அணைச்சாதான் உனக்குக் கை நிக்குமா?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இப்போது விளையாடும்போது அலமாரிக்கு முன்னால் ஒரு திரையை இழுத்துவிடுகிறேன், பீரோ கண்ணாடிமேல் பெட்ஷீட் போடுகிறேன். வேலை செய்கிறது. ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானுக்கு முன்னால் தினமும் பெட்ஷீட்டோடு நிற்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் கருவிமேல் தப்பில்லை, அலங்கார விளக்கும் கண்ணாடியும் எந்தக் கேமராவையும் குழப்பும். என் கோபம் அதில் இல்லை. எந்தப் பக்கத்தில் எந்த வெளிச்சம் குழப்புகிறது என்பது அந்தக் கேமராவுக்குத் தெரியாதா என்ன? அதைக் காட்டாமல் ‘அறை வெளிச்சத்தைச் சரிபார்க்கவும்’ என்று பொதுவாக ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இருட்டோ என்று நான் இன்னொரு பல்பு மாட்டியதெல்லாம் தனிக் கதை.

சுவரில் மோதாமல் விளையாட ஹெட்செட்டில் எல்லை வரைவது இதற்கு நேர்மாறு, அதில் எனக்குக் கொள்ளைப் பிரியம். முதலில் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துத் தரை உயரத்தைச் சரிபார்க்க வேண்டும், அது பிசகினால் விளையாட்டில் கீழே கிடப்பதை எடுக்கவே முடியாது. பிறகு தரையில் கோலம் போடுவதுபோல் கோடு இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நடந்து விளையாட, பிசியில் வி.ஆர். விளையாட்டுகளை ஓட்டும் SteamVR மென்பொருள் குறைந்தது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் கேட்கிறது, சோபாவை நகர்த்தினால் எங்கள் ஹாலில் கிடைக்கும். கோட்டைச் சுவரை ஒட்டி இழுக்காதீர்கள், ஒரு முழமாவது உள்ளே தள்ளி இழுங்கள். கோட்டை நெருங்கும்போது வரும் எச்சரிக்கை வலை தெரிந்து நாம் நிறுத்துவதற்குள் கை முன்னே போயிருக்கும். அப்புறம், அந்த வலை நான்கு பக்கமும் எழும்பும், தலைக்கு மேலே கிடையாது. ஓடுகிற சீலிங் ஃபேன் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கையை உயர்த்தி ஆடும் விளையாட்டு என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேன் போட்டுக்கொள்வதுதான் வழி. காற்று வரும் பக்கத்தை வைத்து எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடும், இது எதிர்பாராத லாபம்.

வெறும் வெள்ளைச் சுவரும் இதற்குப் பிடிக்காது. அறையை அடையாளம் காணக் கேமராவுக்கு மூலைகளும் உருவங்களும் வேண்டும், இல்லையென்றால் வரைந்த எல்லையை மறந்து மறுபடி வரையச் சொல்லும். மளிகைக் கடைக் காலண்டர் இரண்டை வேறு வேறு உயரத்தில் மாட்டிய பிறகு மறதி பெரிதும் குறைந்தது.

சரி, வாங்கலாமா? மலையேறும் விளையாட்டில் கீழே எட்டிப் பார்த்து வயிறு கலங்கியது வேறு எந்தச் சாமானிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அப்படியும் நண்பனுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, தரை பளபளக்கும் டைல்ஸ், கட்டிலைச் சுற்றிக் கலர் கலராக எல்இடி பட்டை வேறு. அதையெல்லாம் மூடிவிட்டு விளையாடுகிற பொறுமை அவனுக்குக் கிடையாது. அப்படியானால் உன்னுடையதைக் கொடுத்துவிடு, ஒரு மாதம் பார்க்கிறேன் என்றான். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.