டிரம்மில் சுற்றும் எஃகுப் பட்டை: தடிமனைக் குறைப்பதா, டிரம்மைப் பெரிதாக்குவதா, இரண்டு பட்டை போடுவதா?

மெல்லிய எஃகுப் பட்டையை டிரம்மில் சுற்றி எடையைத் தூக்கும் அமைப்புகளில் பட்டை அறுந்தால், பெரும்பாலும் முதலில் வரும் யோசனை "இன்னும் தடிமனாகப் போடுவோம்" என்பதுதான். பல நேரங்களில் அது நிலைமையை மோசமாக்கும். ஏன் என்று பார்க்க ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, நம் கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்போம்.

டிரம் விட்டம் 300 மி.மீ. பட்டை அகலம் 50 மி.மீ., தடிமன் 0.5 மி.மீ. தொங்கும் சுமை 5000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 500 கிலோ. பட்டை 301 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு, முழுக் கடினநிலையில் உருட்டியது. அதன் ஈல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை, குறைந்தது 965 மெகாபாஸ்கல், அறுபடும் வலிமை 1275 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டை டிரம்மில் வளையும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, டிரம்மைத் தொடும் பக்கம் சுருங்குகிறது, நடுவில் ஒரு அடுக்கு மட்டும் நீளாமலும் சுருங்காமலும் இருக்கிறது. அந்த நடு அடுக்கின் வளைவு ஆரம் R, பட்டையின் தடிமன் t என்றால், மேற்பரப்பில் வரும் திரிபு, அதாவது நீள மாற்றத்தின் விகிதம், t/2R. டிரம் விட்டம் D என்றால் 2R என்பது D+t. பட்டை மெல்லியது என்பதால் அதை D என்றே எடுத்துக்கொண்டால் பிழை மிகச் சிறியது. ஆக, வளைவுத் தகைவு, அதாவது வளைவதால் ஓரலகு பரப்பில் எழும் விசை:

σ = E·t / D

இங்கே E என்பது எஃகின் மீள்மை எண். இதில் பலர் விட்டுவிடும் ஒரு திருத்தம் உண்டு. அகலமான பட்டை வளையும்போது பக்கவாட்டில் சுருங்க முடியாமல் தடுக்கப்படுகிறது, அதனால் E-க்குப் பதில் E/(1−ν²) போட வேண்டும். ν என்பது பாய்சான் விகிதம், அதாவது நீளும்போது பக்கவாட்டில் எந்த விகிதத்தில் சுருங்குகிறது என்பது. எஃகில் இது சுமார் 10 சதவீதக் கூடுதல். 301-க்கு E 193 கிகாபாஸ்கல் என்றால், திருத்திய மதிப்பு 212. நம் பட்டை தடிமனைப் போல 100 மடங்கு அகலமானது, எனவே இந்தத் திருத்தம் இங்கே கட்டாயம் வேண்டும்.

இப்போது போட்டுப் பார்த்தால் 212000 × 0.5 / 300 = 353 மெகாபாஸ்கல். சுமையால் வரும் நேர் இழுவிசைத் தகைவு 5000 / (50 × 0.5) = 200. வெளிப்பரப்பில் இரண்டும் கூடி 553. கவனியுங்கள், 500 கிலோ தொங்குவதால் வருவதைவிட வெறுமனே வளைப்பதால் வருவது அதிகம். டிரம் தொடும் உள்பக்கத்திலோ 200 கழித்தல் 353, அதாவது 153 அமுக்கம். விரிசல் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

முதல் வழி: தரமான, இன்னும் வலுவான எஃகு. இதில் ஒரு தவறான எதிர்பார்ப்பு ரொம்பப் பரவலாக இருக்கிறது. வலுவான எஃகு போட்டால் தகைவு குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது. மேலே உள்ள சூத்திரத்தில் வலிமை எங்குமே இல்லை, E மட்டும்தான் இருக்கிறது, அது சாதாரண எஃகுக்கும் கடின எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவது தாங்கும் எல்லை மட்டும். ஈல்டு 250 உள்ள சாதாரண மென் எஃகில் அதே 0.5 மி.மீ. பட்டையை வளைத்தால், சுமை எதுவும் இல்லாமலேயே நிரந்தர வளைவு விழாமலிருக்க டிரம் சுமார் 440 மி.மீ. இருக்க வேண்டும், 301-க்கு 110 போதும். எனவே கடின எஃகு தேவைதான், ஆனால் அது வாசல் மட்டுமே. அதற்குள் நுழைந்த பிறகு பட்டையின் ஆயுளை வேறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது வழி: பட்டையை மெலிதாக்குவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இங்கே இரண்டு கணக்குகள் இரண்டு பதில் சொல்கின்றன.

தடிமனைப் பாதியாக்கி 0.25 போட்டால் வளைவுத் தகைவு 177-க்கு இறங்குகிறது, ஆனால் நேர்த் தகைவு 400-க்கு ஏறுகிறது. மொத்தம் 577, முன்பு இருந்த 553-ஐவிடக் கூடுதல்! மொத்தத்தை மிகக் குறைவாக்கும் தடிமன் வேண்டுமென்றால், வளைவுத் தகைவும் நேர்த் தகைவும் சமமாகும் இடத்தைத் தேட வேண்டும். நம் எண்களில் அது சுமார் 0.38 மி.மீ., அங்கே இரண்டும் 266, மொத்தம் 532. ஆக 0.5-லிருந்து 0.38-க்கு வந்தும் கிடைத்தது வெறும் 21 மெகாபாஸ்கல். இதை மட்டும் பார்ப்பவர் "தடிமனை மாற்றிப் பெரிய பலன் இல்லை" என்று மூடி வைத்துவிடுவார்.

ஆனால் பட்டை ஒரே இழுப்பில் அறுவதில்லை. அது வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, சோர்வினால் விரிசல் விட்டு அறுகிறது. சுமை எப்போதும் தொங்கிக்கொண்டே இருந்தால் நேர்த் தகைவு மாறுவதில்லை. டிரம்மைத் தொடும் புள்ளியைக் கடக்கும்போது ஏறி இறங்குவது வளைவுத் தகைவு மட்டும்தான். 0.5 பட்டையில் வெளிப்பரப்பு 200-க்கும் 553-க்கும் இடையே ஊசலாடுகிறது, வீச்சு, அதாவது அந்த ஊசலில் பாதி, 177, சராசரி 377. 0.25 பட்டையில் 400-க்கும் 577-க்கும் இடையே, வீச்சு 88, சராசரி 488. சராசரி கூடியதற்கு குட்மேன் முறையில் திருத்தம் செய்து, அதாவது வீச்சை (1 − சராசரி/1275) என்பதால் வகுத்து, சராசரி இல்லாத நிலைக்கு மாற்றினால் முதல் பட்டைக்கு 251, இரண்டாவதற்கு 143. உச்சத் தகைவு கூடியும் சோர்வுச் சுமை 40 சதவீதத்துக்கும் மேல் இறங்கிவிட்டது. மெலிந்த பட்டைதான் நீண்ட நாள் வரும்.

ஒரு நிபந்தனை: சுமை ஒவ்வொரு சுற்றிலும் முழுதாக விழுந்து ஏறுமானால் இந்த முடிவு செல்லாது. அப்போது நேர்த் தகைவும் ஊசலில் சேர்ந்துவிடும், 0.25 பட்டை 0-வுக்கும் 577-க்கும் இடையே ஆடும், 0.5-ஐவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும். ஒற்றைப் பட்டையென்றால் அந்த வேலைக்கு 0.38 பக்கம்தான் போக வேண்டும். எனவே தடிமனைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பட்டை எப்போதாவது தளர்கிறதா என்பதே.

மூன்றாவது வழி: டிரம்மைப் பெரிதாக்குவது. 0.5 பட்டையை அப்படியே வைத்து 600 மி.மீ. டிரம் போட்டால் வளைவு 177, நேர்த் தகைவு 200, மொத்தம் 377. உச்சமும் குறைகிறது, வீச்சும் குறைகிறது, குட்மேன் மதிப்பு சுமார் 114. தகைவை மட்டும் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. விலை எங்கே கொடுக்கிறோம் என்றால் டிரம்மைச் சுழற்றத் தேவைப்படும் திருக்கத்தில்: 5000 நியூட்டன் 0.15 மீட்டர் ஆரத்தில் 750 நியூட்டன் மீட்டர், 0.3-ல் 1500. அதே உயரம் தூக்க டிரம் முன்பைவிடப் பாதி எண்ணிக்கைச் சுற்றுகளே சுற்றினால் போதும் என்றாலும், கியர்பாக்ஸும் தண்டும் அந்த 1500-ஐத் தாங்கியாக வேண்டும். டிரம்மின் சடத்துவமும் கூடுவதால், அடிக்கடி நின்று புறப்படும் எந்திரத்தில் மோட்டார் அதையும் சேர்த்து முடுக்க வேண்டியிருக்கும். இடம் இருந்து, மெதுவாக ஓடும் எந்திரம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

நான்காவது வழி: 0.25 பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. காகிதத்தில் இது பெரிய டிரம்முக்குச் சமம்: நேர்த் தகைவு 200, வளைவு 177, மொத்தம் 377, டிரம்மோ அதே 300. புத்தகத்தின் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் புத்தகம் எளிதாக வளைவதைப் போலத்தான் இதுவும். வழுக்கலை நிறுத்திவிட்டால் பலன் போய்விடும்.

சிக்கலும் அங்கேதான். வெளிப்பட்டை 0.25 மி.மீ. பெரிய ஆரத்தில் போகிறது, அதனால் அரைச் சுற்றுக்கு π × 0.25, அதாவது 0.79 மி.மீ. கூடுதல் நீளம் கேட்கிறது. இரண்டு முனையிலும் இரு பட்டைகளையும் சேர்த்து இறுக்கிவிட்டால் அந்த நீளம் எங்கிருந்து வரும்? டிரம்முக்கும் சுமைக்கும் இடையே 1 மீட்டர் பட்டை இருக்கிறது என்று வைத்து, உராய்வை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே சுமார் 150 மெகாபாஸ்கல் வேறுபாடு வரும்: வெளிப்பட்டை 275-க்கு ஏறும், உள்பட்டை 125-க்கு இறங்கும். அந்த நீளம் அரை மீட்டர் ஆனால் வேறுபாடு 300, அப்போது வெளிப்பட்டை 350-ஐச் சுமக்கும், வளைவையும் சேர்த்தால் உச்சம் 527. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். ஒற்றைப் பட்டையிலிருந்து தப்பித்ததாக நினைத்து திரும்ப அங்கேயே வந்து நிற்கிறோம்.

இதற்குத் தீர்வு உண்டு. சுமை பக்கத்தில் நடுவில் அச்சுள்ள ஒரு சின்ன நெம்புகோலின் இரு முனைகளிலும் பட்டைகளைத் தனித்தனியாகப் பிடித்துவிட்டால், நெம்புகோல் சாய்ந்து நீள வேறுபாட்டை எடுத்துக்கொள்ளும், சுமை சமமாகப் பிரியும். பட்டைகளுக்கு நடுவே உராய்வுத் தேய்மானமும் வரும், அதனால் மெல்லிய உயவுப் படலம் வேண்டும். இரண்டு பட்டைக்கும் நடுவே பழுப்புச் சிவப்புப் பொடி தெரிந்தால் அவை சரியாக வழுக்காமல் சின்னச் சின்னதாக உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த உரசல் குழிகளிலிருந்து விரிசல் கிளம்பும், கணக்கில் வந்த 114-க்கு அப்புறம் மதிப்பே இல்லை.

இந்த நான்கில் என் வரிசை: இடம் இருந்தால் பெரிய டிரம், இடம் இல்லாமல் சுமை எப்போதும் தொங்குமானால் ஒற்றை 0.25, சுமை தளர்ந்து ஏறுகிற, இடமும் இல்லாத எந்திரத்துக்கு மட்டும் நெம்புகோலோடு இரட்டைப் பட்டை.

எதைத் தேர்ந்தாலும், பட்டை வழியில் எதிர்த்திசையில் வளையும் ஒரு உருளை இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அதே 300 மி.மீ. விட்டத்தில் பட்டை மறுபக்கமாக வளைந்தால், வெளிப்பரப்பு 553-லிருந்து −153 வரை போய்வரும், வீச்சு 177-லிருந்து 353 ஆகிவிடும், 0.5 பட்டையின் குட்மேன் மதிப்பு 251-லிருந்து சுமார் 420-க்குப் பாயும். தடிமனை மாற்றிக் கிடைக்கும் எந்த லாபத்தையும் அந்த ஒரு உருளை தின்றுவிடும். பாதையை மாற்றி அதை நீக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ஓடிய பட்டையின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கழற்றித் தட்டையான மேசையில் சுமையில்லாமல் போடுங்கள். புதிய பட்டையின் ஒரு துண்டையும் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் சுருளில் வந்த பட்டைக்கு முன்பே லேசான வளைவு இருக்கலாம். ஓடியது கூடுதலாக டிரம் பக்கம் சுருண்டு நின்றால் மேற்பரப்பு ஈல்டைத் தாண்டியிருக்கிறது, டிரம் அந்தத் தடிமனுக்குச் சின்னது. சுருளே இல்லாமல் அறுந்திருந்தால் சோர்வு முறிவு. அப்போது வெட்டு விளிம்புகளை லென்ஸில் பாருங்கள். பட்டையை அகலத்துக்கு வெட்டும்போது விளிம்பில் நிற்கும் பிசிறுகள்தான் பெரும்பாலும் விரிசலின் தொடக்கம், அதனால் விளிம்பை உருட்டி மெருகேற்றிய பட்டையை வாங்குவதோ, நீளவாக்கில் தேய்த்து எடுப்பதோ நல்லது. குறுக்காகத் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் இழுவிசைக்குச் செங்குத்தாக நிற்கும், பிசிறை எடுத்துவிட்டு அதைவிட மோசமான ஒன்றை வைத்ததாகிவிடும்.