துருப்பிடித்த வார்ப்பிரும்பு ஸ்கில்லட்: தேய்ப்பதா, வினிகரா? அடுப்பா, ஓவனா?

ஸ்கில்லட்டில், அதாவது சுவர் வைத்த தட்டையான சட்டியில், துருவைப் பார்த்ததும் வினிகர் பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. விரலால் தடவினால் செம்பொடி ஒட்டுகிறது, அதற்கடியில் எண்ணெய் இறுகிய கறுப்புப் படலம் தெரிகிறது என்றால் அது வெறும் மேல்துரு. கல்லுப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் போட்டு கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும், பழைய படலமும் பெரும்பாலும் தப்பிக்கும். செதில் செதிலாக உரியும் துருவுக்குத்தான் வினிகர். ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர். அரை மணிக்கொரு முறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பையே தின்னத் தொடங்கும், பரப்பு சாம்பல் நிறமாகிச் சொரசொரத்துப் போகும்.

பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்கில்லட் மழைக்காலம் முழுக்க சிங்க்குக்கு அடியில் கிடந்தது. உள்ளே லேசான துரு, அடிப்பாகத்தில் தடித்த செதில். அதனால் இரண்டு வழியும் தேவைப்பட்டது: உள்ளே உப்பு, வெளியே அடிப்பாகம் மட்டும் நனையும் அளவுக்கு அகலத் தட்டில் வினிகர் தண்ணீர். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்த கையோடு அடுப்பில் வைத்து ஈரம் போகச் சூடாக்கினோம். இதைத் தள்ளிப்போட்டால் வெறும் இரும்பில் சில நிமிடங்களிலேயே புதுத் துரு பூக்கும்.

இனி படலம். எண்ணெய் நல்ல சூட்டில் காற்றோடு வினைபுரிந்து இறுகுவதுதான் அது. தட்டையான தோசைக்கல்லுக்கு அடுப்பே போதும், ஆனால் ஸ்கில்லட்டுக்குச் சுவர் உண்டே! கேஸ் சூடு நடுவில் குவிவதால் நடுப்பகுதி கறுக்கும்போது ஓரம் பழுப்பாக, பிசுபிசுப்பாக நிற்கும். ஓவனில் சூடு எல்லாப் பக்கமும் படும் என்பதால் என் ஓட்டு அதற்குத்தான், மரக்கைப்பிடி இல்லாதவரை. மெல்ல எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்தெடுத்து, கவிழ்த்து 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, உள்ளேயே ஆறவிட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் போதும். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடுப்பிலேயே சட்டியை நகர்த்தி நகர்த்தி ஓரங்களுக்கும் சூடு காட்டலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெயில் ஆளிவிதையைப் பலர் புகழ்கிறார்கள். கண்ணாடி மாதிரி இறுகும், ஆனால் பிறகு உரிந்துவரும் வழக்கமும் அதற்குண்டு. தேங்காயெண்ணெய் இறுகுவதே கஷ்டம். சாதாரண சூரியகாந்தி எண்ணெய் மலிவு, வேலையும் ஒழுங்காக நடக்கும்.

ஆறிய பிறகு கையில் பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகம் அல்லது சூடு போதவில்லை. இன்னொரு கை எண்ணெய் தடவாமல் வெறுமனே மறுபடி ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். அப்போதும் போகாவிட்டால் அந்த இடத்தைத் தேய்த்தெடுக்க வேண்டியதுதான். தொடக்கத்தில் தக்காளி, புளி சேர்ந்த குழம்பு எதுவும் அதில் வேண்டாம். வெங்காயம் வதக்குங்கள், அப்பளம் பொரியுங்கள்.