காதோரத்துக்கு எந்தக் கத்தரி: ஏழு அங்குலமா, ஐந்தரையா?

தை பிறந்ததும் செங்கோட்டை, புளியரைப் பக்கத்துச் சலூன்களில் சபரிமலைக்குப் போய் மாலை கழற்றியவர்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். 41 நாள் விரதத்தில் முடி ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்து, காது மடலின் மேல்விளிம்பை மூடியிருக்கும். இந்த முடியைச் சீப்பும் கத்தரியும் வைத்து எடுக்கும்போதுதான் எந்த நீளக் கத்தரி என்ற கேள்வி வருகிறது. என் ஓட்டு ஐந்தரை அங்குலத்துக்கு.

ஏழு அங்குலக் கத்தரியின் பெருமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காதுக்கு மேலே, பக்கவாட்டில் சீப்பு மேல் கத்தரி ஓட்டும்போது அதன் நீண்ட அலகு ஒரே மூடலில் அதிக முடியை எடுக்கும். வேலை சீக்கிரம் முடியும், படிக்கட்டு போலக் கோடு விழுவதும் குறையும். தலையின் பக்கம் கிட்டத்தட்டத் தட்டை என்பதால் அங்கே நேரான நீள அலகு பொருந்துகிறது.

காதைச் சுற்றி இருப்பது வளைவு. நேரான அலகால் வளைவை வெட்டினால், ஒவ்வொரு மூடலும் ஒரு சிறு நேர்கோடுதான். கோடு நீளமாக இருந்தால் வளைவில் மூலை தட்டும். குட்டிக்குட்டியாக இருந்தால் கண்ணுக்கு வட்டமாகத் தெரியும். நீளக் கத்தரியிலும் நுனியை மட்டும் பயன்படுத்தலாமே என்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் நுனி விரலிலிருந்து தள்ளி நிற்கிறது. கை லேசாக அசைந்தாலும் அங்கே அசைவு பெரிதாகிவிடும். தோல் வெட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான். வெட்டுகிறவரின் கண் அலகின் நடுவில் இருக்கும். நுனி காதுக்குப் பின்னால் மறைந்து, மடல் தலையோடு சேரும் மடிப்பைக் கிள்ளிவிடும். ஐந்தரையில் நுனி கண்ணெதிரிலேயே இருக்கிறது.

மாலை கழற்றியவரின் வலது காதை எடுத்துக்கொள்வோம், வெட்டுகிறவர் வலது கைக்காரர். முடியை ஈரமாக்கி இழுத்து வெட்டினால் காய்ந்ததும் மேலேறிவிடும். அதனால் காய்ந்த முடியை இழுக்காமல் சும்மா கீழே சீவிவிட வேண்டும். பிறகு சீப்பின் நெருக்கமான பல் உள்ள பக்கத்தை, பல் மேல்நோக்கி இருக்கும்படி, முடிக்கும் காதுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். இப்போது சீப்புதான் தோலுக்குக் கேடயம். அசையாத அலகைச் சீப்பின் மேல் படுக்கவைத்து, கட்டை விரலை மட்டும் அசைத்து, வெளியே நீட்டும் முடியை எடுக்கலாம். நுனி சீப்பின் ஓரத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்து ஓரக் கோடு. சீப்பை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, இடது நடுவிரலால் மேல்மடலை மெல்லக் கீழே மடக்கிப் பிடிக்க வேண்டும். கிருதாவில் தொடங்கி, காதின் மேலாகப் பின்பக்கம் போக வேண்டும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வேலை செய்தால் போதும். ஒவ்வொரு மூடலுக்கும் முன் இரண்டு நுனியும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மூடக் கூடாது. பின்மடிப்புக்கு வந்ததும் மடலை முன்னால் தள்ளிப் பிடித்து, நுனியைக் கழுத்துப் பக்கம் கீழே திருப்ப வேண்டும். இடது காதில் திசை தலைகீழ்: பின்னாலிருந்து ஏறி முன்னால் வர வேண்டும்.

சமமாக இருக்கிறதா என்று காதை வைத்து அளக்காதீர்கள். பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. வெளிக் கண்முனையிலிருந்து கிருதாவின் அடி எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணாடியில் நேராகப் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் ஏறிவிட்டால் மறுபக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேருங்கள். ஒரே வெட்டில் சரிசெய்யப் போனால் இன்னும் மேலேறும்.

ஐந்தரைக்கு ஒரு குறை உண்டு. நுனியிலேயே வேலை வாங்குவதால் நுனி மழுங்கினால் முழுக் கத்தரியும் வீண். சாணை பிடித்து வந்ததும் மூடிப் பாருங்கள்: ஒரு நுனி மற்றதைவிட நீண்டிருந்தால் அதுவே தோலைக் கீறும். ஈரமான மெல்லிய காகிதத்தை நுனியால் வெட்டுங்கள். வெட்டாமல் மடித்து இழுத்தால் முடியையும் அப்படித்தான் இழுக்கும். ஒரு வளையத்தைப் பிடித்து மற்றதை நேராகத் தூக்கி விடுங்கள். முழுக்க மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த கத்தரியைக் கட்டை விரல் அழுத்தித்தான் வெட்ட வைக்கும், அந்த அழுத்தத்தில் நுனி தோலுக்குள் சாயும். ஆடி மாதச் சாரல் காற்றில் துருவும் சீக்கிரம் பிடிக்கும். இரவில் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் வைக்காதீர்கள்.

மிகச் சுருண்ட முடியிலும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சிறு பிள்ளைகளிடமும் ஐந்தரைதான் சரி என்று அடித்துச் சொல்லத் தயங்குவேன். பிள்ளைகளுக்கு நீளத்தைவிட நுனி உருண்டையாக இருப்பது முக்கியம். எவ்வளவு பார்த்தும் கீறிவிட்டால், படிகாரக் கட்டியை அப்படியே தேய்க்காமல் அதன் தூளைப் புதுப் பஞ்சில் தொட்டு வையுங்கள். ஒருவர் ரத்தம் பட்ட கட்டி அடுத்தவர் காதுக்கும் போகும்.